வாசற்கதவு திறந்திருப்பது வீட்டுக்குத் தெரியுமா? ஹோம் அசிஸ்டன்ட், முதல் படிகள்

"வீட்டை ஸ்மார்ட் ஆக்கியாச்சு" என்று சொல்பவர்களில் பலர் செய்திருப்பது ஒன்றுதான்: சுவரில் இருந்த சுவிட்சைப் போனுக்குள் கொண்டுபோயிருக்கிறார்கள். படுத்துக்கொண்டே விளக்கை அணைக்கலாம், வசதிதான். ஆனால் விளக்கை அணைக்க வேண்டும் என்று முடிவெடுப்பது இன்னமும் நீங்கள்தான். தானியக்கம் என்ற சொல் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறது. அந்தக் குழப்பத்தோடு சாதனம் வாங்கப் போனால் ஐந்து கம்பெனிக்கு ஐந்து ஆப், ஆப் ஒன்றுக்கு ஒரு கடவுச்சொல் என்று முடியும்.

இந்தக் கட்டுரை ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறது. அந்தி நேரத்தில் வாசற்கதவு பத்து நிமிடத்துக்கு மேல் திறந்து கிடந்தால், கொசு உள்ளே வந்து சேர்வதற்குள் வீட்டில் இருப்பவரின் போனுக்குத் தகவல் வர வேண்டும். மின்கம்பியைத் தொடாமல், சுவரைக் குடையாமல் செய்யக்கூடிய வேலை இது. இதைச் சரியாகச் செய்து முடித்தால் ஹோம் அசிஸ்டன்ட் எப்படி யோசிக்கிறது என்பது பிடிபட்டுவிடும்.

## காவலாளியின் நோட்டு

அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. மோட்டார் ஓடுகிறதா, கேட் மூடியிருக்கிறதா, மாடி விளக்கு எரிகிறதா என்று வரிக்கு ஒரு விஷயம். ஏதாவது மாறினால் அந்த வரியை உடனே திருத்துவார். பின்னால் சுவரில் சங்கத்தார் ஒட்டிய தாள் ஒன்று: "கேட் திறந்தால், மணி பத்துக்கு மேல் ஆகியிருந்தால், செயலாளருக்குப் போன் செய்யவும்." நோட்டில் ஒரு வரி மாறும்போதெல்லாம் அவர் அந்தத் தாளை ஒருமுறை பார்க்கிறார்.

ஹோம் அசிஸ்டன்ட் செய்வது இதைத்தான். இது 2013இல் பௌலஸ் ஸ்கூட்சன் என்ற நிரலாளர் தொடங்கிய திறந்த மூல மென்பொருள். திறந்த மூலம் என்றால் நிரல் யாரும் படிக்கவும் திருத்தவும் கூடியதாக வெளியே இருக்கிறது என்று பொருள். வீட்டில் ஒரு சிறிய கணினியில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். நோட்டும் தாளும் அந்தக் கணினிக்குள்ளேயே இருக்கும்.

கம்பெனி ஆப்களில் இந்த நோட்டு பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. கூடத்து விளக்கை அணைக்கும் கட்டளை வீட்டை விட்டு வெளியே போய், அந்த சர்வரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரும். இணையம் நின்றால் அதுவும் நிற்கும், கம்பெனி சர்வரை மூடினால் சாதனமே வீண். ஹோம் அசிஸ்டன்ட்டில் முடிவு வீட்டுக்குள்ளேயே எடுக்கப்படுகிறது. இதற்கு ஒரு வரம்பு உண்டு: போனுக்கு வரும் அறிவிப்பு பொதுவாகக் கூகுள் அல்லது ஆப்பிளின் சேவை வழியாக வந்து சேரும், ஆகவே அந்தக் கடைசிப் பகுதிக்கு இணையம் வேண்டும். அதற்குப் பதில் ஜிக்பீ என்ற வானொலி முறையில் வீட்டுக்குள்ளேயே பேசும் விளக்கு ஒன்றைக் கதவருகே எரிய வைத்தால் இணையமே தேவையில்லை.

இதுவரை வந்தது இவ்வளவுதான். வீட்டின் நிலவரத்தை எழுதி வைக்கும் நோட்டு ஒன்று, அது மாறும்போது பார்க்க வேண்டிய விதிகள் சில. இனி அந்தக் காவலாளிக்கு உட்கார ஓர் இடம் தயார் செய்யலாம்.

## என்னென்ன வாங்க வேண்டும்

கணினியாக ராஸ்பெர்ரி பை 4 போதும். 2 ஜிபி நினைவகம் உள்ளதே இந்த வேலையைத் தாங்கும், 4 ஜிபி இருந்தால் பின்னால் சாதனங்கள் கூடும்போது நெருக்கடி வராது. 32 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு ஒன்று, அதன்மேல் A2 என்று அச்சிட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். சிறு சிறு கோப்புகளை அடிக்கடி எழுதிப் படிக்கும் வேலைக்கு ஏற்ற கார்டு என்பதற்கான குறி அது. ரவுட்டரிலிருந்து இணைக்க ஒரு ஈதர்நெட் கேபிள். நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் கணினியில் எஸ்டி கார்டு துளை இல்லாவிட்டால் ஒரு கார்டு ரீடர்.

பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் பவர் அடாப்டர். பை 4க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் தரும் அதற்கென்றே உள்ள அடாப்டர் வேண்டும். வீட்டில் கிடக்கும் போன் சார்ஜரைச் செருகினாலும் பை கிளம்பிவிடும், சிக்கலே அதுதான். வேலை கூடும் நேரத்தில் மின்னழுத்தம் இறங்கும், அந்த நொடியில் கார்டில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு அரைகுறையாக நிற்கும். மூன்று வாரம் கழித்து "காரணமே இல்லாமல் தொங்கிப்போச்சு" என்று பேசப்படும் சம்பவங்கள் பலவற்றுக்கு மூலம் இந்த சார்ஜர். மின்னழுத்தம் போதாவிட்டால் ஹோம் அசிஸ்டன்ட்டே கண்டுபிடித்து எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை வந்தால் அடாப்டரை மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை.

கதவுப் பக்கத்துக்கு இரண்டு பொருட்கள்: ஒரு ஜிக்பீ கதவு சென்சார், பை 4இல் செருகும் ஒரு ஜிக்பீ யுஎஸ்பி டாங்கிள். ஜிக்பீ என்பது வைஃபை போல இன்னொரு வானொலி இணைப்பு முறை. மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடுவதால் பொத்தான் அளவு பேட்டரியிலேயே சென்சார் மாதக்கணக்கில் நிற்கும். டாங்கிளோடு ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிளும் வாங்கிவிடுங்கள். பை 4இல் நீல நிற யுஎஸ்பி துளைகள் யுஎஸ்பி 3.0 வகை. அவற்றிலிருந்து கசியும் மின்னிரைச்சல் ஜிக்பீ பேசும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் விழுகிறது. டாங்கிளை நேராக அங்கே செருகினால் பக்கத்து அறையில் இருக்கும் சென்சார்கூட விட்டுவிட்டுத்தான் பேசும். கருப்புத் துளையில் நீட்டிப்புக் கேபிளைச் செருகி, டாங்கிளைப் பெட்டியிலிருந்தும் ரவுட்டரிலிருந்தும் தள்ளி வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

## கார்டில் எழுதுவது

உங்கள் கணினியில் Raspberry Pi Imager என்ற இலவச நிரலை நிறுவுங்கள். அதில் உங்கள் பை மாடலைத் தேர்ந்தெடுத்து, இயங்குதளப் பட்டியலில் `Other specific-purpose OS` என்ற பிரிவுக்குள் போனால் வீட்டுத் தானியக்கத்துக்கான பகுதியில் Home Assistant OS கிடைக்கும். பை 4க்கும் பை 5க்கும் தனித்தனி வடிவம் இருப்பதால் எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பிறகு கார்டைத் தேர்ந்தெடுத்து எழுதச் சொல்லுங்கள். கார்டில் ஏற்கெனவே இருப்பது எல்லாம் அழிந்துவிடும்.

எழுதி முடித்ததும் விண்டோஸ், "இந்த டிஸ்கை ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லி மூடுங்கள். கார்டில் இப்போது பெரும்பாலும் இருப்பது லினக்ஸ் பிரிவுகள். விண்டோஸுக்கு அவற்றைப் படிக்கத் தெரியாததால் கார்டு கெட்டுவிட்டதாக நினைக்கிறது. இங்கே சரி என்று அழுத்தியவர்கள் மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கும்.

கார்டைப் பையில் செருகுங்கள், ஈதர்நெட் கேபிளை ரவுட்டரில் இணையுங்கள், கடைசியாக மின்சாரம் கொடுங்கள். முதல் தடவை பை இணையத்திலிருந்து மீதிப் பகுதிகளை இறக்கிக்கொள்ளும். இணைய வேகத்தைப் பொறுத்து இருபது நிமிடம்கூட ஆகலாம். அதற்குள் பொறுமையிழந்து பிளக்கைப் பிடுங்குவதுதான் இந்தக் கட்டத்தில் நடக்கக்கூடிய பெரிய தவறு.

பிறகு அதே ரவுட்டரில் இணைந்திருக்கும் கணினியில் உலாவியைத் திறந்து இந்த முகவரியைத் தட்டுங்கள்:

```
http://homeassistant.local:8123
```

பக்கம் வரவில்லையென்றால் முதலில் முகவரிப் பட்டையைப் பாருங்கள். சில உலாவிகள் தாமாகவே `https` என்று மாற்றிவிடும், அப்படியானால் பக்கம் திறக்காது. அதுவும் சரியாக இருந்தால், ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இணைந்துள்ள சாதனங்களின் பட்டியலைப் பார்த்து, பைக்குக் கிடைத்திருக்கும் எண்முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். அது 192.168.1.20 என்றால் `http://192.168.1.20:8123` என்று தட்ட வேண்டும். பெயர் வழியில் வராதது எண் வழியில் வந்துவிடும்.

முதல் பக்கத்தில் பயனர் பெயர், கடவுச்சொல், வீட்டின் இருப்பிடம் கேட்கும். இருப்பிடத்தைச் சும்மா கடந்து போகாதீர்கள். சூரியன் மறையும் நேரமும் நேர மண்டலமும் இந்த அமைப்பைச் சேர்ந்தவை. நேர மண்டலம் உலகப் பொது நேரத்தில் நின்றுவிட்டால், மாலை 6 மணிக்கு என்று நீங்கள் எழுதிய விதி இந்திய நேரத்தில் இரவு 11.30க்கு ஓடும்.

## நோட்டில் முதல் வரி

இங்கே மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வரும். இன்டகிரேஷன் என்பது மொழிபெயர்ப்பாளர். ஒரு வகைச் சாதனம் பேசுவதை ஹோம் அசிஸ்டன்ட்டுக்குப் புரியவைக்கும் நிரல் துண்டு. டிவைஸ் என்பது கையில் பிடிக்கக்கூடிய சாதனம். என்டிட்டி என்பது நோட்டில் ஒரு வரி. ஒரே கதவு சென்சார் திறந்திருக்கிறதா என்று ஒரு வரி, பேட்டரி எத்தனை சதவீதம் என்று இன்னொரு வரி என நோட்டில் பல இடத்தைப் பிடிக்கும். விதிகள் எல்லாம் இந்த வரிகளைப் பார்த்துத்தான் எழுதப்படுகின்றன.

டாங்கிளைச் செருகிவிட்டு `Settings` பக்கத்தில் `Devices & services` பகுதிக்குப் போங்கள். பெரும்பாலான டாங்கிள்களை ஹோம் அசிஸ்டன்ட் தானே கண்டுகொண்டு ZHA என்ற ஜிக்பீ இன்டகிரேஷனைச் சேர்க்கட்டுமா என்று கேட்கும். சேர்த்தபின், அதில் புதுச் சாதனம் சேர்க்கும் பொத்தானை அழுத்திவிட்டு, சென்சாரில் இருக்கும் சிறு பொத்தானை அதன் விளக்கு மினுக்கும்வரை அழுத்திப் பிடியுங்கள். பல சென்சார்களில் ஐந்து நொடி போதும். இணைப்பதை டாங்கிளுக்குப் பக்கத்திலேயே வைத்துச் செய்துவிட்டு, பிறகு கதவுக்குக் கொண்டுபோவது நல்லது.

பெயர் கேட்கும்போது ஆங்கில எழுத்தில் `vaasal kadhavu` என்று கொடுத்தால், விதியில் எழுத வேண்டிய அடையாளமும் கண்ணால் படிக்கக்கூடியதாக இருக்கும். திரையில் காட்டும் பெயரைப் பிறகு தமிழில் மாற்றிக்கொள்ளலாம், அடையாளம் அப்படியே இருக்கும்.

சென்சார் இரண்டு துண்டாக இருக்கும். பெரிய துண்டுக்குள் காந்தம் நெருங்கினால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய உலோக நாக்குகள், சிறிய துண்டுக்குள் காந்தம். கதவு மூடும்போது இரண்டுக்கும் இடையில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். இரண்டு துண்டிலும் கோடு போட்டிருந்தால் அந்தக் கோடுகள் நேருக்கு நேர் நிற்க வேண்டும். இரும்பு கிரில் கேட்டில் ஒட்டினால், இரும்பு காந்தப் புலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். கேட் மூடியிருந்தும் திறந்திருப்பதாகக் காட்டும். மரக்கதவே இதற்கு வசதி. ஒட்டுவதற்கு முன், கையில் பிடித்துக் கதவை நாலுமுறை திறந்து மூடி, திரையில் வரி மாறுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நோட்டில் இந்த வரியின் மதிப்பு `on` அல்லது `off`. கதவு சென்சாரில் `on` என்றால் திறந்திருக்கிறது, `off` என்றால் மூடியிருக்கிறது. தொடக்கத்தில் எல்லோரும் தலைகீழாக எண்ணிக்கொள்ளும் இடம் இது.

## விதி எழுதுவது, அது ஏமாற்றும் இடம்

ஆட்டோமேஷன் என்று ஹோம் அசிஸ்டன்ட் சொல்வது சுவரில் ஒட்டிய விதியை. அதற்கு மூன்று பகுதிகள். டிரிகர் என்பது விதியை எழுப்பும் நிகழ்வு. கண்டிஷன் என்பது எழுந்தபின் சரிபார்க்கும் நிலவரம். ஆக்ஷன் என்பது செய்ய வேண்டிய வேலை. அறிவிப்பு அனுப்ப, ஹோம் அசிஸ்டன்ட் ஆப்பைப் போனில் நிறுவி உள்நுழைந்திருக்க வேண்டும்.

நம் வேலைக்கு எல்லோரும் முதலில் எழுதும் விதி இப்படி இருக்கும்: கதவு திறந்து பத்து நிமிடம் ஆனால், மணி 6க்கும் 8க்கும் நடுவில் இருந்தால், போனுக்குத் தகவல். படித்தால் குறையே தெரியாது. சோதித்துப் பார்த்தாலும் ஓடும். ஒரு நாள் மட்டும் ஓடாது.

அந்த நாளை நிமிடம் நிமிடமாகப் பார்ப்போம். மாலை 5.40க்கு யாரோ கதவைத் திறக்கிறார்கள், மூட மறந்துவிடுகிறார்கள். 5.50க்குப் பத்து நிமிடம் நிறைகிறது. டிரிகர் விதியை எழுப்புகிறது. விதி கண்டிஷனைப் பார்க்கிறது: மணி இன்னும் 6 ஆகவில்லை. விதி அங்கேயே முடிந்துவிடுகிறது. 6 மணி ஆகிறது, 7 ஆகிறது, கதவு திறந்தேதான் இருக்கிறது, போன் ஒலிக்கவில்லை. நோட்டில் கதவின் வரி 5.40க்குப் பிறகு மாறவே இல்லை, மாற்றம் இல்லாததால் விதியை மறுபடி எழுப்ப எதுவும் இல்லை.

ஹோம் அசிஸ்டன்ட் பற்றி ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள முடியுமென்றால் அது இதுதான். டிரிகர் ஒரு கணம், கண்டிஷன் அந்தக் கணத்தில் மட்டும் பார்க்கப்படும் நிலவரம். கண்டிஷன் பின்னால் உண்மையாகும்வரை யாரும் காத்திருப்பதில்லை. காவலாளி தாளைப் பார்ப்பது நோட்டைத் திருத்தும்போது மட்டும்தான்.

ஆகவே 6 மணி அடிப்பதையும் ஒரு டிரிகராகச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தால், 6 மணிக்குக் கதவு உண்மையிலேயே பத்து நிமிடமாகத் திறந்திருக்கிறதா என்று பார்க்க இன்னொரு கண்டிஷனும் தேவைப்படும். இல்லாவிட்டால் கதவு மூடியிருந்தாலும் தினமும் ஆறு மணிக்குப் போன் ஒலிக்கும்.

```yaml
alias: அந்தி நேர வாசற்கதவு
triggers:
  - trigger: state
    entity_id: binary_sensor.vaasal_kadhavu
    to: "on"
    for: "00:10:00"
  - trigger: time
    at: "18:00:00"
conditions:
  - condition: state
    entity_id: binary_sensor.vaasal_kadhavu
    state: "on"
    for: "00:10:00"
  - condition: time
    after: "18:00:00"
    before: "20:00:00"
actions:
  - action: notify.mobile_app_amma
    data:
      message: "வாசற்கதவு திறந்தே இருக்கு"
```

இதைக் கையால் தட்ட வேண்டும் என்பதில்லை. `Settings` பக்கத்தின் `Automations & scenes` பகுதியில் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தே இதே விதியைக் கட்டலாம், ஹோம் அசிஸ்டன்ட் பின்னால் இந்த வடிவில் எழுதி வைத்துக்கொள்ளும். `vaasal_kadhavu`, `amma` என்ற பெயர்களின் இடத்தில் உங்கள் வீட்டில் வந்த பெயர்கள் இருக்கும். சோதிக்கும்போது இரண்டு இடத்திலும் பத்து நிமிடத்தைப் பத்து நொடியாகவும் நேரத்தை அப்போதைய மணிக்கும் மாற்றிக்கொள்ளுங்கள், முடிந்ததும் மறக்காமல் திருப்பி வையுங்கள்.

பத்து நிமிடக் கணக்கில் இன்னொரு நுணுக்கம் உண்டு. எட்டாவது நிமிடத்தில் ஹோம் அசிஸ்டன்ட்டை மறுதொடக்கம் செய்தாலோ, அந்த விதியைத் திருத்திச் சேமித்தாலோ, ஓடிக்கொண்டிருந்த கணக்கு தொலைந்துவிடும். சோதனை நேரத்தில் விதியைத் திருத்திக்கொண்டே இருந்துவிட்டு "நேரம் ஆகியும் வரவில்லை" என்று குழம்புவது இதனால்தான். திருத்தியபின் கதவை ஒருமுறை மூடித் திறந்துவிட்டுக் காத்திருங்கள்.

விதி ஓடவில்லை என்றால் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம். அந்த ஆட்டோமேஷனின் பக்கத்தில் `Traces` என்று இருக்கும். கடைசி ஐந்து தடவை அது எழுந்தபோது எந்த டிரிகர் எழுப்பியது, எந்தக் கண்டிஷனில் நின்றது என்று படமாகவே காட்டும். மேலே சொன்ன 5.50 சம்பவம் நடந்திருந்தால், நேரக் கண்டிஷனில் கோடு நின்றுபோயிருப்பது தெரியும். அங்கே பதிவே இல்லையென்றால் விதி எழவே இல்லை என்று பொருள், அப்போது பார்க்க வேண்டியது சென்சாரை.

சுருக்கமாக: டிரிகர் எழுப்பும், கண்டிஷன் அந்த நொடியில் தடுக்கும் அல்லது விடும், ஆக்ஷன் வேலையைச் செய்யும். எங்கே நின்றது என்பதை `Traces` சொல்லும்.

## கரண்ட் போனால், கார்டு போனால், பேட்டரி போனால்

பை ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், போன் சார்ஜர் செய்த அதே கெடுதல் கார்டுக்கு நேரும். வீட்டில் இன்வர்ட்டர் இருந்தால் பையையும் ரவுட்டரையும் அதன் இணைப்பில் உள்ள பிளக்கில் வையுங்கள். நிறுத்த வேண்டுமென்றால் அமைப்புப் பக்கத்தில் இருக்கும் கட்டளையால் முறையாக நிறுத்திவிட்டுப் பிளக்கை எடுங்கள்.

அப்படியும் எஸ்டி கார்டு என்றாவது தேயும். `Settings`, `System`, `Backups` என்று போய்த் தானாகக் காப்புப்பிரதி எடுக்கும்படி முதல் நாளே அமைத்துவிடுங்கள். அப்போது அது ஒரு மறைகுறிச் சாவியை இறக்கி வைக்கச் சொல்லும். பிரதியையும் சாவியையும் பைக்கு வெளியே, வேறு கணினியில் வைக்க வேண்டும். பிரதி அதே கார்டில் இருந்தால் கார்டோடு அதுவும் போகும். சாவி இல்லாத பிரதியைத் திறக்க முடியாது.

சென்சாரின் பேட்டரிதான் சத்தமில்லாமல் ஏமாற்றக்கூடியது. கதவு மூடியிருக்கும்போது பேட்டரி தீர்ந்தால், நோட்டில் கடைசியாக எழுதிய `off` அப்படியே நிற்கும். பேட்டரியில் ஓடும் சாதனத்திடமிருந்து ஆறு மணி நேரம் பேச்சு வராவிட்டால்தான் ZHA அதை `unavailable` என்று குறிக்கும். அதுவரை கதவு விரியத் திறந்திருந்தாலும் திரை மூடியிருப்பதாகவே காட்டும். அதனால் நீங்கள் எழுதும் இரண்டாவது விதி, அந்தச் சென்சாரின் பேட்டரி வரி 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் தகவல் சொல்லும் விதியாக இருக்கட்டும். சில சென்சார்கள் தீரும் நாள்வரை அதிக சதவீதமே காட்டிவிட்டுச் சட்டென்று நின்றுவிடும், எனவே கதவின் வரி `unavailable` ஆக மாறுவதையும் அதே விதியில் இன்னொரு டிரிகராகச் சேர்த்துவிடுங்கள்.